இங்கிலீசு அறிக்கை நம்ம லயத்துக்கு வரும்போது

(தோட்டத் தலைவர்மார், மாதர் சங்க அங்கத்தவர்கள், வாலிபர்களுக்காக நடத்தப்பட்ட ஒருநாள் பயிற்சி வகுப்பில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



பிரட்டு முடிந்து, மலைக்குப் போய், கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகும் இந்த மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். ஒரு அணையோ, சுரங்கமோ, பெருந்தெருவோ நம்ம பக்கம் வரப் போகிறது என்றால், அதனால் என்னென்ன நடக்கும் என்று முதலில் ஒரு அறிக்கை எழுதுவார்கள். அதற்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை என்று பெயர். அது இங்கிலீசில் நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். முன்னால் பத்துப் பதினைந்து பக்கத்தில் ஒரு சுருக்கம் இருக்கும். அந்தச் சுருக்கத்தைத் தமிழில் எப்படிச் சரியாக எழுதுவது, எழுதினது சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, இதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. நாங்கள் செய்த ஒரு பிழையையும் ஒளிக்காமல் சொல்லப் போகிறோம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தை 1988இல் திருத்தினார்கள். எந்தெந்தத் திட்டங்களுக்கு இந்த மதிப்பீடு வேண்டும் என்ற பட்டியல் 1993இல் வர்த்தமானியில் வந்தது. 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையம், 100 குடும்பத்துக்கு மேல் இடம்பெயர்த்துக் குடியேற்றும் வேலை, இவையெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் போட வேண்டும். அறிவித்தல் வந்த நாளிலிருந்து 30 நாளைக்குள் பொதுமக்கள் யாரும் தங்கள் கருத்தை எழுதிக் கொடுக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பகிரங்க விசாரணை என்று சொல்கிறோமே, கூட்டம் போட்டு எல்லோரையும் பேச விடுவது, அது கட்டாயம் நடக்கும் என்று சட்டம் சொல்லவில்லை. பொதுமக்கள் நலனுக்கு அது தேவை என்று அனுமதி கொடுக்கிற நிறுவனம் நினைத்தால், கருத்து எழுதிக் கொடுத்தவரை அழைத்து, அவர் எழுதியதற்கு ஆதரவாகப் பேச இடம் கொடுக்கலாம். அவ்வளவுதான். ஆகவே முதலில் எழுத்து, பிறகுதான் பேச்சு. எழுதாமல் இருந்துவிட்டு விசாரணை நாளில் லொறி பிடித்துப் போய் நின்றால், "நீங்கள் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லையே" என்று கேட்க அவர்களுக்கு இடம் இருக்கிறது. 30 நாளைக்குள் எழுத வேண்டும் என்றால் அதற்கு முன்னால் படிக்க வேண்டும். படிக்க வேண்டும் என்றால் அது நமக்கு விளங்குகிற தமிழில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு பிந்தினால் எல்லாமே பிந்தும்.

இன்னொன்று. சிறிய திட்டங்களுக்கு ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை என்ற சின்ன அறிக்கை போதும். 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சின்ன அறிக்கைக்கு இந்த 30 நாள் கருத்துக் கேட்பு கிடையாது. கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஆகவே வந்திருப்பது எந்த அறிக்கை என்று முதல் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எங்கள் கதைக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன்னால், எங்கள் பகுதியில் ஆற்றை மறித்து, மலைக்குள்ளே சுரங்கம் வெட்டி, தண்ணீரைக் கீழே கொண்டு போகும் ஒரு திட்டத்துக்கு அறிக்கை வந்தது. பிரதேச செயலகத்தில் வைத்திருந்தார்கள். தமிழ்ப் பிரதியும் இருந்தது. ஆனால் அதை நாங்கள் மூன்று தரம் வாசித்தும் விளங்கவில்லை. "கீழ்நோக்கிய பாவனையாளர் மீதான தாக்கம் முக்கியத்துவமற்றதாகக் கருதப்படும்" என்று ஒரு வரி. இதை லயத்தில் யாரிடம் வாசித்துக் காட்டுவது? ஆகவே நாங்கள் மூன்று பேர், ஒரு பாடசாலை ஆசிரியர், ஒரு வாலிபர், நாங்கள், ஆங்கிலச் சுருக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு புதிதாகத் தமிழில் எழுதினோம். எங்களுக்குத் தெரிந்த இங்கிலீசு பாடசாலையில் படித்த இங்கிலீசுதான். அகராதி ஒன்றும் துணிவும்தான் கையில் இருந்தன.

பன்னிரண்டாவது நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைக்காம்பரா இஸ்தோப்பில் எல்லோரையும் உட்காரவைத்து வாசித்தோம். ஆற்றங்கரை லயங்களைப் பற்றிய பகுதி வந்தது. "இத்திட்டத்தினால் 18 குடும்பங்கள் பாதிக்கப்படும். பாதிக்கப்படும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுக்கப்படும்" என்று வாசித்தோம். வாசித்து முடியவில்லை, பின்னாலிருந்து ஒரு வயதான அம்மா எழுந்து நின்றார்.

"தம்பி, பதினெட்டுக் குடும்பம்னு யாரு எண்ணுனது? எங்க லயத்துல தொங்கக் காம்பராவுல இருந்து எண்ணிக்கிட்டு வாங்க. என் காம்பராவுல மட்டும் மூணு அடுப்பு எரியுது. நானு, கல்யாணம் கட்டுன மூத்தவன், இஸ்தோப்ப அடைச்சி இருக்கிற மகளும் மருமகனும். இதுல எது உங்க பதினெட்டுல இருக்கு?"

கூட்டம் கொதித்துவிட்டது. "நம்மள வெட்டிட்டானுங்க" என்று வாலிபர்கள் எழும்பினார்கள். அன்றைக்கே ரோட்டுக்கு இறங்குவோம் என்றார்கள். நாங்கள் ஒரு நாள் பொறுங்கள் என்று கெஞ்சிவிட்டு, இரவோடு இரவாக இங்கிலீசுப் பிரதியைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். அங்கே இருந்த வார்த்தை 'ஹவுசிங் யூனிட்'. அதாவது குடியிருப்பு அலகு. நம்ம பாஷையில் காம்பரா. 18 காம்பராக்கள் என்றுதான் அவர்கள் எழுதியிருந்தார்கள். நாங்கள்தான் 'குடும்பம்' என்று போட்டுவிட்டோம். வேண்டுமென்று செய்யவில்லை. வீடு என்றால் குடும்பம்தானே என்று கை போன போக்கில் எழுதிவிட்டோம்.

அடுத்த நாள் மாலை அதே இஸ்தோப்பில் நின்று, "பிழை எங்களுடையது, கம்பனி பொய் எழுதவில்லை" என்று சொன்னோம். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சரியான வார்த்தையைப் போட்டு அந்த வரியைத் திரும்ப வாசித்தபோது, உண்மையான பிரச்சினை அப்போதுதான் வெளியே வந்தது. "பாதிக்கப்படும் ஒவ்வொரு காம்பராவுக்கும் பதிலாக ஒரு வீடு கட்டிக் கொடுக்கப்படும்." வாசலுக்கு வாசல் போய் எண்ணிப் பார்த்தோம். 18 காம்பராவில் 31 குடும்பம். அப்படியென்றால் 31 குடும்பத்துக்கு 18 வீடு. எங்கள் பிழையான மொழிபெயர்ப்பில் இது எண்ணிக்கைத் தகராறாகத் தெரிந்தது. அப்படியே எழுதிக் கொடுத்திருந்தால், "எங்கள் கணக்கு சரி, காம்பரா பதினெட்டுத்தான்" என்று ஒரு வரியில் பதில் வந்திருக்கும், அதோடு கதை முடிந்திருக்கும். சரியான வார்த்தை கிடைத்த பிறகு நாங்கள் எழுதிய கேள்வி வேறு: வீடு காம்பராவுக்கா, குடும்பத்துக்கா? அதோடு 31 குடும்பத்தின் பெயர், காம்பரா இலக்கம், ஆள் தொகை, தேசிய அடையாள அட்டை இலக்கம், எல்லாம் பட்டியலாக இணைத்தோம். திட்டக்காரர்களின் எழுத்து மூலப் பதிலில், கிராம அலுவலரும் தோட்ட நிர்வாகமும் சேர்ந்து குடும்பக் கணக்கைப் புதிதாக எடுக்கும் என்று வந்தது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்தப் பதில் எழுத்தில் இருக்கிறது, அதைக் காட்டிக் கேட்கலாம்.

இதிலிருந்து நாங்கள் படித்த முதல் பாடம் இது. அறிக்கையில் எண் வருகிற ஒவ்வொரு இடத்திலும், அந்த எண் எதை எண்ணுகிறது என்று நின்று பாருங்கள். ஆளா, குடும்பமா, காம்பராவா, லயமா, காணித் துண்டா? 'குடும்பம்' என்று வருகிற எல்லா இடத்திலும் அடியில் ஒரு கோடு போட்டு, இங்கிலீசில் அதே இடத்தில் என்ன வார்த்தை என்று பாருங்கள். 'காணி உரிமையாளர்' என்ற வார்த்தையும் இப்படித்தான். பெரும்பாலான தோட்டங்களின் நிலம் 1972, 1975 காணிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அரசுக்குச் சொந்தம். 1992இலிருந்து கம்பனிகள் கையில் நடக்கிறது. ஆகவே 'காணி உரிமையாளருக்கு நட்டஈடு' என்று இருந்தால், அந்த வரியில் நாம் இல்லை. 'குடியிருப்போருக்கு' என்றோ 'பயிர் செய்வோருக்கு' என்றோ இருந்தால்தான் நமக்கு அதில் பங்கு. இரண்டையும் 'பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு' என்று ஒன்றாக்கி எழுதிவிட்டால், கேட்கிறவர்கள் தங்களுக்கும் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இரண்டாவது விஷயம், வாக்குறுதி மாதிரித் தெரிகிற வார்த்தைகள். இங்கிலீசில் 'நோ சிக்னிபிகண்ட் இம்பாக்ட்' என்று அடிக்கடி வரும். இதை 'பாதிப்பு இல்லை' என்று எழுதினால் அது பொய். 'பெரிய அளவான பாதிப்பு இல்லை' என்பதுதான் அதன் பொருள். பாதிப்பு இருக்கிறது, ஆனால் அது சின்னது என்று அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. 'இல்லை' என்று எழுதிவிட்டால் கேட்பதற்கே ஒன்றும் இருக்காது.

'மிட்டிகேஷன்' என்று இன்னொரு வார்த்தை. அதைத் தணிப்பு என்று எழுதுங்கள். தடுப்பு என்றோ நீக்கம் என்றோ எழுதாதீர்கள். காய்ச்சலுக்குப் பனடோல் கொடுத்தால் சூடு தணியும். காய்ச்சல் வராமல் தடுத்ததாக ஆகாது. சுரங்கத்தில் வெடி வைக்கும்போது தூசியைத் தணிக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். தூசி குறையும். இல்லாமல் போகாது.

பிறகு வினைச்சொல். இங்கிலீசில் 'வில் பி புரொவைடட்' என்றால் கொடுக்கப்படும். 'மே பி புரொவைடட்' என்றால் கொடுக்கப்படலாம். 'வில் பி கன்சிடர்ட்' என்றால் கவனத்தில் எடுக்கப்படும், கொடுப்பதாகச் சொல்லவில்லை. 'வேர் ஃபீசிபிள்' என்று ஒரு சின்ன வால் தொங்கும். இயன்ற இடங்களில் என்று அர்த்தம். எங்கள் அறிக்கையில், "பாதிக்கப்படும் குடிநீர் வழிகளுக்குப் பதிலாக, இயன்ற இடங்களில், குழாய் நீர் வழங்குவது பற்றிக் கவனத்தில் எடுக்கப்படும்" என்று ஒரு வாக்கியம். எங்களுடைய வாலிபர் முதலில் எழுதிக் கொண்டுவந்தது: "குழாய் நீர் வழங்கப்படும்." அவரைக் குறை சொல்லவில்லை. நீளமான வாக்கியத்தைச் சுருக்கிச் சுலபமாக்கத்தான் பார்த்தார். ஆனால் அந்தச் சுருக்கத்தில் 'இயன்ற இடங்களில்' விழுந்துவிட்டது, 'கவனத்தில் எடுக்கப்படும்' விழுந்துவிட்டது, யாரும் கொடுக்காத ஒரு வாக்குறுதி நம்ம கையால் பிறந்துவிட்டது. வாக்கியத்தை இரண்டாக உடைக்கலாம். வாலை வெட்டக்கூடாது. நாங்கள் கடைசியில் இப்படி எழுதினோம்: "குடிநீர் வழிகள் பாதிக்கப்படலாம். அப்படிப் பாதிக்கப்பட்டால் குழாய் நீர் கொடுப்பது பற்றி யோசிப்பார்கள். எல்லா இடத்துக்கும் கொடுப்பதாகச் சொல்லவில்லை. முடிந்த இடங்களுக்கு என்று சொல்கிறார்கள்." கேட்ட ஒரு தலைவர் உடனே கேட்டார்: "முடியாத இடம் எதுன்னு யாரு முடிவு பண்றது?" அந்தக் கேள்வியை அப்படியே எங்கள் கருத்துக் கடிதத்தில் இரண்டாவது கேள்வியாக எழுதினோம்.

மூன்றாவது, 'அவதானிக்கப்படவில்லை' என்ற வார்த்தை. ஆற்றின் கீழ்ப் பகுதியைப் பற்றி, "கீழ்ப் பகுதியில் நீரைப் பாவிப்போர் எவரும் அவதானிக்கப்படவில்லை" என்று எழுதியிருந்தது. ஆசிரியர் முதலில் 'பாவிப்போர் இல்லை' என்றுதான் எழுதினார். பிறகு இரண்டு பேரும் வாதாடி, "ஆய்வுக்கு வந்தவர்கள் யாரையும் காணவில்லை" என்று மாற்றினோம். அதை வாசித்ததும் பெண்கள் பக்கத்தில் சிரிப்பு. "அவுங்க வந்தது கிழமை நாளுங்க. பகல் பத்து மணிக்கு நாங்க மலையில நிப்போமா, ஆத்துல நிப்போமா? ஞாயித்துக்கிழமை வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார்கள். துணி துவைக்கிற இடம், குளிக்கிற துறை, சாமான் தேய்க்கிற கல், சாமி கும்பிடப் போகுமுன் கால் கழுவும் படி, எல்லாம் அந்தக் கீழ்ப் பகுதியில்தான் இருந்தன. 'இல்லை' என்று எழுதியிருந்தால் பெண்கள் கோபப்பட்டிருப்பார்கள், அவ்வளவுதான். 'காணவில்லை' என்று எழுதினதால், எந்த நாள், எந்த நேரம் வந்தார்கள் என்று கேட்க வழி கிடைத்தது.

இதோடு சேர்ந்ததுதான் இடங்களின் பெயர். அறிக்கையில் ஓடைகளுக்கு எஸ் 1, எஸ் 2, எஸ் 3 என்று இலக்கம். தோட்டத்துக்கு இங்கிலீசுப் பெயர். நம்ம ஆட்களுக்குத் தெரிந்தது பீலிக்கரை ஓடை, ஸ்டோருக்குக் கீழே உள்ள கான், மூன்றாம் நம்பர் மலை, முனியாண்டிக் கல். "எஸ் 3 ஓடையின் நீரோட்டம் குறையும்" என்று வாசித்தபோது ஒருவரும் அசையவில்லை. வரைபடத்தை வைத்துக்கொண்டு, பழைய கங்காணி ஒருவரையும் கூட்டிக்கொண்டு நடந்து பார்த்தோம். எஸ் 3 என்பது இரண்டு லயத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற பீலி இருக்கிற அதே ஓடை. ஆகவே இரண்டு பெயரையும் எழுதுங்கள்: "எஸ் 3 ஓடை, அதாவது நாம் பீலிக்கரை என்று சொல்வது." இலக்கத்தை விட்டுவிடாதீர்கள். திட்டக்காரர்களுக்குப் பீலிக்கரை தெரியாது. நமக்கு எஸ் 3 தெரியாது. இரண்டும் ஒரே வரியில் இருந்தால்தான் அவர்களும் நாமும் ஒரே ஓடையைப் பற்றிப் பேச முடியும்.

சுரங்கம் வெட்டுகிற இடத்தில் நிலத்தடி நீர் பற்றி வருகிற வரிகளைத் தனியாகக் கவனியுங்கள். ஊவாவில் உமா ஓயாத் திட்டத்துச் சுரங்கத்துக்குள் 2014ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து தண்ணீர் பெருவாரியாகப் புகுந்ததும், பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றியதும், வீடுகளில் வெடிப்புக் கண்டதும் நாடறிந்த விஷயம். மலைக்குள்ளே துளை போட்டால், மேலே உள்ள ஊற்றுத் தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக அந்தத் துளைக்குள் இறங்கக்கூடும். 'நிலத்தடி நீர் மட்டம் தற்காலிகமாகத் தாழலாம்' என்று அறிக்கையில் வந்தால், அதன் பொருள் பீலியில் தண்ணீர் குறையலாம் அல்லது நிற்கலாம் என்பதாக இருக்கலாம். தற்காலிகம் என்றால் எத்தனை மாதம், அதுவரை தண்ணீர் யார் கொடுப்பது, இவை எழுதிக் கேட்க வேண்டிய கேள்விகள்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. மொழிபெயர்க்கிறவர் பயத்தைச் சேர்க்கக் கூடாது. 'தாழலாம்' என்று இருப்பதை 'வற்றிப் போகும்' என்று எழுதினால் அதுவும் பிழைதான். 'நீரில் அமிழும்' என்பதை 'மூழ்கடித்து அழிக்கும்' என்று எழுதினால் அதுவும் பிழைதான். விசாரணையில் திட்டக்காரருடைய ஆள் எழுந்து, "நாங்கள் அப்படி எழுதவில்லையே" என்று இங்கிலீசைக் காட்டினால், நம்ம மற்ற நியாயமான கேள்விகளுக்கும் மதிப்புப் போய்விடும். நாங்கள் ஒரு வழி வைத்துக்கொண்டோம். அறிக்கை சொல்வது ஒரு நிறத்தில், எங்கள் விளக்கம் வேறு நிறத்தில். வாசிக்கும்போதும், "இது அறிக்கையில் உள்ளது, இது நாங்கள் விளங்கிக்கொண்டது" என்று பிரித்துச் சொன்னோம்.

நான்காவது, அளவுகள். ஹெக்டயர் என்றால் நமக்குக் கை வராது. ஒரு ஹெக்டயர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். நான்கு ஹெக்டயர் என்றால் பத்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. தண்ணீரை 'வினாடிக்கு 0.06 கன மீட்டர்' என்று எழுதுவார்கள். ஒரு கன மீட்டர் ஆயிரம் லீட்டர். ஆகவே இது வினாடிக்கு 60 லீட்டர், 20 லீட்டர் வாளியில் மூன்று வாளி. அணைக்குக் கீழே ஆற்றில் விடப்போகிற தண்ணீர் அவ்வளவுதான் என்று சொன்னால், குளிக்கிற துறையில் அது எந்த அளவுக்கு நிற்கும் என்று ஆட்கள் தாங்களே யோசிக்கத் தொடங்குவார்கள். எண்ணை மாற்றும்போது பழைய எண்ணையும் பக்கத்தில் விடுங்கள். ஒருவேளை நாம் கணக்கில் பிழை விட்டாலும் மற்றவர் திருத்தலாம்.

நீர்மட்டத்தைக் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருந்தார்கள். லயத்தில் யாருக்கு அது விளங்கும்? இதை மொழிபெயர்க்கவே முடியாது, முளை அடித்துத்தான் காட்ட வேண்டும். நாங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் நில அளவை செய்கிறவர் வந்து, தண்ணீர் ஏறக்கூடிய மட்டத்தில் ஒரு முளை அடித்துச் சிவப்புப் பூசிவிட்டுப் போனார். அது கோயில் படிக்கட்டில் மூன்றாவது படிக்குக் கீழே நின்றது. அன்றைக்கு எல்லோருக்கும் அந்த எண் விளங்கிவிட்டது.

வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'நூறு வருட வெள்ளம்' என்று வரும். இதைக் கேட்டால், நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும், போன வெள்ளம் நம்ம தாத்தா காலத்தில், இனி நம்ம பேரன் காலத்தில் என்று நினைத்துவிடுவோம். அது அப்படி இல்லை. ஒரு பானையில் நூறு சீட்டு போட்டு, ஒன்றில் மட்டும் வெள்ளம் என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு சீட்டு எடுக்கிறோம், பார்த்துவிட்டுத் திரும்பப் பானைக்குள்ளே போடுகிறோம். போன வருடம் வெள்ளச் சீட்டு வந்ததால் இந்த வருடம் வராது என்று இல்லை. இப்படி முப்பது வருடம் எடுத்தால், ஒரு தரமாவது வெள்ளச் சீட்டு வருவதற்கு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. புதிய வீடுகளை எந்த மட்டத்தில் கட்டுகிறார்கள் என்று பார்க்கும்போது இது முக்கியம். ஆகவே 'நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்' என்று எழுதாதீர்கள். 'எந்த வருடத்திலும் நூறில் ஒரு பங்கு வரக்கூடிய பெரிய வெள்ளம்' என்று எழுதுங்கள்.

இனி வேலையை எப்படிப் பிரிப்பது? முப்பது நாள் என்பது பெரிய காலம் மாதிரித் தெரியும். கரைந்து போகும். நாங்கள் இப்படிச் செய்தோம். முதல் மூன்று நாள் எழுதவில்லை, வாசிக்க மட்டும் செய்தோம். எண்கள், இடப் பெயர்கள், வாக்குறுதிகள், இந்த மூன்றையும் தனித்தனித் தாளில் குறித்துக்கொண்டோம். அடுத்த ஒரு கிழமையில் எழுதினோம். அதில் ஒரே இங்கிலீசு வார்த்தைக்கு ஒரே தமிழ் வார்த்தை என்று ஒரு பட்டியல் வைத்திருந்தோம். ஒருவர் 'தணிப்பு' என்றும் மற்றவர் 'குறைப்பு' என்றும் எழுதினால், கேட்கிறவர்கள் இரண்டு விஷயம் என்று நினைத்துவிடுவார்கள். அந்தப் பட்டியல் இருந்தும் 'ஹவுசிங் யூனிட்' எங்கள் கையிலிருந்து நழுவியது. ஏன் என்றால், கஷ்டமான வார்த்தைகளை மட்டும்தான் பட்டியலில் போட்டோம். சுலபமாகத் தெரிந்த வார்த்தைதான் எங்களைக் கவிழ்த்தது.

எழுதினதைச் சோதிக்கும் வழியும் ஒன்று உண்டு. இங்கிலீசைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். பிறகு தாளை மூடிவிட்டு, "என்ன சொல்லியிருக்கு, உங்க வாயால சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி, ஆசிரியர் கையில் கொடுத்து, இங்கிலீசோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். "விளங்குதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம்ம ஆட்கள் மரியாதைக்காக "விளங்குதுங்க" என்றுதான் சொல்வார்கள். நாங்கள் இந்தச் சோதனையைப் பொதுக் கூட்டத்துக்கு முன்னாலேயே, அந்தத் தொங்கல் காம்பரா அம்மாவிடம் செய்திருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமைக் கொதிப்பே வந்திருக்காது. நேரம் இல்லை என்று விட்டோம். இப்போது அதை முதலில் செய்கிறோம்.

கடைசியாக, திரும்பிப் போகிற பாதை. இங்கிலீசு நம்மிடம் தமிழாக வருகிறது. நம்ம தமிழும் அவர்களிடம் போய்ச் சேர வேண்டும். கருத்துக் கடிதத்தைத் தமிழில் எழுதலாம், அதில் தடையில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் இலக்கம் போடுங்கள், அறிக்கையின் பக்கம், பந்தி இலக்கம் எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோயில் கணக்குப் புத்தகத்தோடு வையுங்கள். விசாரணைக்கு அழைத்தால், பேசப் போகிறவர் தன்னுடைய கேள்வியை ஒரு தாளில் எழுதி மேசையில் கொடுத்துவிட்டுப் பேசட்டும். எங்கள் விசாரணையில் மொழிபெயர்த்துச் சொன்னவர் நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு அம்மா ஐந்து நிமிடம் பேசியதை, "தண்ணீர்ப் பிரச்சினை பற்றிச் சொல்கிறார்" என்று ஒரே வரியில் சிங்களத்தில் சொல்லி முடித்துவிட்டார். அந்த அம்மா பேசியது பீலியைப் பற்றி, இரண்டு லயத்தைப் பற்றி, எத்தனை மாதம் என்பதைப் பற்றி. நல்ல வேளையாகத் தாள் மேசையில் இருந்தது. "எழுத்தில் உள்ளதை முழுவதும் வாசித்துக் குறிப்பில் சேருங்கள்" என்று தலைவர் கேட்டுக்கொண்டார், சேர்த்தார்கள்.

அந்த வயதான அம்மாவும் விசாரணைக்கு வந்திருந்தார். பேசி முடித்து இறங்கும்போது எங்களிடம் கேட்டார்: "தம்பி, இப்ப நம்ம காம்பராவுல மூணு அடுப்புன்னு எழுதிட்டாங்களா?" எழுதியிருந்தார்கள். பக்கத்தைக் காட்டினோம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த வரியில் விரலை வைத்து ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இடைவேளைத் தேத்தண்ணிக்குப் பிறகு, ஒரு பழைய சுருக்கத்தின் இரண்டு பக்கத்தை உங்கள் கையில் தருவோம். நாலு நாலு பேராகப் பிரிந்து இருந்து, எண்களுக்கும் வாக்குறுதிகளுக்கும் அடியில் கோடு போடுங்கள். பிழை விட்டால் பரவாயில்லை, இங்கே விடுகிற பிழையை இங்கேயே திருத்திக்கொள்ளலாம்.